நீட் மாதிரித் தேர்வுக்குக் கேள்வி எழுதுவது எப்படி? தவறான விடைகளிலிருந்து தொடங்குங்கள்

சேலத்தில் ஏதோ ஒரு பயிற்சி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்கு இயற்பியல் 45 கேள்வி உங்கள் தலையில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இணையத்திலிருந்து அள்ளிப் போட்டால் பையன்கள் விடையை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள், அதனால் நீங்களே எழுதுங்கள்.

படி 1: எந்தப் பாடத்தில் எத்தனை

பாடத்திட்டத்தில் இயற்பியலுக்கு 20 அலகுகள் இருக்கின்றன, கேள்விகளோ 45, ஆக சராசரியாக ஒரு அலகுக்கு இரண்டு சொச்சம்தான் வரும். ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்த அலகில் எத்தனை, அதில் கணக்கு எத்தனை, கருத்து எத்தனை என்று முதலிலேயே நிரப்பிவிடுங்கள். இதைச் செய்யாமல் உட்கார்ந்தால் நமக்குப் பிடித்த இயந்திரவியலிலேயே பத்து கேள்வி போய்விடும். இவ்வளவுதான், அடுத்ததுதான் முக்கியம்.

படி 2: தவறான விடைகளைத் தவறுகளிலிருந்து எடுங்கள்

சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிப்பு. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கருப்பாக்கினால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண்தான். ஆனால் இரண்டு விடைகள் பார்த்தவுடனே அபத்தமாகத் தெரிந்தால், மீதி இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட்டாலும் சராசரி ஒன்றரை மதிப்பெண் ஆகிவிடும், பாடமே தெரியாதவனுக்கும்கூட. கழிப்பு மதிப்பெண் வைத்த தேர்வில் சோம்பேறித்தனமாக எழுதிய விடைகள் செய்கிற வேலை இது.

ஒரு கேள்வியை எழுதிப் பார்ப்போம்:

*ஒரு பேருந்து அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறி, உடனே திரும்பி அதே பாதையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அடிவாரத்துக்கு இறங்குகிறது. முழுப் பயணத்தின் சராசரி வேகம் என்ன?*

சரியான விடை 2 × 20 × 30 ÷ 50, அதாவது 24. இரண்டு வேகங்களையும் கூட்டி இரண்டால் வகுப்பவனுக்கு 25 வரும், அது கட்டாயம் இருக்க வேண்டும். சராசரி வேகத்தையும் சராசரி திசைவேகத்தையும் குழப்பிக்கொள்பவனுக்கு 0, ஏனென்றால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டான். நான்காவதாக என்ன போடலாம்? சூத்திரத்தில் அந்த 2-ஐ மறந்தால் 12 வருமே என்று தோன்றும், போடாதீர்கள். 20-க்கும் 30-க்கும் நடுவில் இல்லாத எண் என்று கொஞ்சம் விவரமானவன் ஒரு நொடியில் தள்ளிவிடுவான். ஏறும்போதுதான் அதிக நேரம் ஆகிறது, அதைத் தலைகீழாக எடுத்துக்கொள்பவனுக்கு (2 × 20 + 3 × 30) ÷ 5 = 26 வரும். அதைப் போடுங்கள். இப்போது 0, 24, 25, 26 என்று ஏறுவரிசையில் அடுக்கினால் கேள்வி தயார். ஒவ்வொரு தவறான விடைக்குப் பக்கத்திலும் அது எந்தத் தவறால் வந்தது என்று உங்கள் நகலில் ஒரு வரி எழுதி வையுங்கள். எழுத முடியவில்லையென்றால் அந்த விடை சும்மா இடத்தை அடைக்கிறது என்று அர்த்தம்.

படி 3: கடிகாரம்

180 நிமிடத்தில் 180 கேள்வி. உயிரியலில் மிச்சம் பிடித்தால்தான் இயற்பியலுக்கு ஒன்றேகால் நிமிடமாவது கிடைக்கும். நீங்களே பேனாவால் போட்டுப் பாருங்கள், உங்களுக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆனால் எண்களை மாற்றுங்கள். 20, 30-க்குப் பதில் 17, 31 என்று வைத்தால் நீங்கள் சோதிப்பது வகுத்தலைத்தான். அந்தப் பாதையில் இருக்கிற 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கேள்விக்குள் நுழைக்க ஆசை வரும், அது படிக்கிற நேரத்தைத் தின்னுமே தவிர விடைக்கு உதவாது.

படி 4: தேர்வு முடிந்த பிறகு

நூறு பேர் எழுதினால் மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 பேரையும் கீழே உள்ள 27 பேரையும் தனியாக எடுங்கள். மேலே 21 பேர், கீழே 8 பேர் சரியாகப் போட்டிருந்தால் வித்தியாசம் 13, அதை 27-ஆல் வகுத்தால் 0.48. நல்ல கேள்வி. 0.2-க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். கழித்தலில் வந்தால், அதாவது கெட்டிக்காரர்கள்தான் அதிகம் தவறு செய்திருந்தால், முதலில் உங்கள் விடைக்குறிப்பைப் பாருங்கள், அப்புறம் கேள்விக்கு இரண்டு அர்த்தம் வருகிறதா என்று பாருங்கள். நூறில் ஐந்து பேர்கூடத் தொடாத விடையை அடுத்த முறை மாற்றிவிடுங்கள்.

காலியாக விட்டதையும் எண்ண வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள கேள்விகளுக்கு விடை போட்டுவிட்டு நடுவில் ஒன்றை மட்டும் விட்டிருந்தால், பையன் யோசித்துப் பயந்து விட்டிருக்கிறான். கடைசிப் பத்து வரிசையாகக் காலி என்றால் பெரும்பாலும் நேரம் எட்டவில்லை, அந்தப் பத்தின் கடினத்தைப் பற்றி அந்தத் தாளை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவற்றை இன்னொரு வாரம் தாளின் முன்பகுதியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.