ஏழாம் வாய்ப்பாட்டைத் தாளத்தில் கட்டுவது எப்படி?

ரங்கூனில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு வரும் நம் பிள்ளைகள் வாய்ப்பாடே தெரியாதவர்கள் இல்லை. பள்ளிக்கூடத்தில் பர்மிய மொழியில் 'அலீ' சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள். அதே வேகத்தில் தமிழில் சொல்லச் சொன்னால்தான் நாக்கு தடுக்குகிறது. பர்மிய எண்கள் குட்டையானவை: 63 என்பது 'சௌக் செ தோன்', மூன்றே அசை. நம்முடைய 'அறுபத்துமூன்று' வாயை ஆறு முறை அசைக்க வைக்கிறது. அதனால் தமிழ் வாய்ப்பாட்டுக்குத் தாளத்தைத் தனியாகத்தான் கட்ட வேண்டும். நான் ஏழாம் வாய்ப்பாட்டுக்குக் கட்டிய விதத்தை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். காகிதம், பேனா, நொடி முள் ஓடும் சுவர்க் கடிகாரம், இவை போதும்.

முதல் படி: பழைய சொல்முறையை எடுங்கள்

'ஏழு பெருக்கல் மூன்று சமம்' என்று எழுதத் தொடங்காதீர்கள். அதில் தாளமே வராது. திண்ணைப் பள்ளிக்கூட வாய்ப்பாடு 'ஓரேழு, ஈரேழு, மூவேழு' என்றுதான் போகும். சந்தியில் சொல் சுருங்கிவிடுவதால் கேள்வி முழுவதும் இரண்டு தட்டுக்குள் அடங்கிவிடும். முதல் தட்டில் பெருக்கும் எண், இரண்டாம் தட்டில் எப்போதும் 'ஏழு'.

விடைக்கு எழுத்து வழக்கா, பேச்சு வழக்கா? நான் பேச்சு வழக்கையே வைத்தேன்: பதினாலு, இருபத்தொண்ணு, முப்பத்தஞ்சு. பிள்ளைகள் வீட்டில் பாட்டியிடம் கேட்பது அதுதான். கரும்பலகையில் 'இருபத்தொன்று' என்று எழுதிக் காட்டலாம், தப்பில்லை. ஆனால் பாட்டுக்குள் ஒரு வரியில் 'மூன்று', இன்னொரு வரியில் 'மூணு' என்று கலந்துவிட்டால் கூட்டமாகச் சொல்லும்போது ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

இரண்டாம் படி: பத்தும் ஒன்றும் பிரியும் இடத்தில் தட்டு விழட்டும்

முழு வேலையும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. வரிக்கு நான்கு தட்டு. முதல் இரண்டும் கேள்விக்கு. மூன்றாம் தட்டில் பத்தின் பகுதி, நான்காம் தட்டில் ஒன்றின் பகுதி. வரியின் தொடக்கத்திலும் கோடு போட்ட இடத்திலும் கை தட்டிப் பாருங்கள்:

ஓ | ரேழு | ஏ | ழு
ஈ | ரேழு | பதி | னாலு
மூ | வேழு | இருபத் | தொண்ணு
நா | லேழு | இருபத் | தெட்டு
ஐ | யேழு | முப்பத் | தஞ்சு
ஆ | றேழு | நாப்பத்தி | ரெண்டு
ஏ | ழேழு | நாப்பத் | தொம்பது
எட் | டேழு | அம்பத் | தாறு
ஒம்ப | தேழு | அறுபத்தி | மூணு
பத் | தேழு | எழு | பது

'அறுபத்தி' நீளம்தான். ஆனாலும் ஒரே தட்டுக்குள் வேகமாக உருட்டிவிடலாம், நாலு அசையும் குறிலாகவே ஓடுவதால் நாக்கு தடுக்காது. தட்டு தவறி 'அறுபத்திமூ | ணு' என்று விழுந்தால்தான் சிக்கல். அப்போது பிள்ளையின் காதில் 'ணு' மட்டும் நிற்கும், மூணு நிற்காது. முதல் முறை நான் செய்த தவறே இதுதான். ஒரு சினிமா மெட்டில் வாய்ப்பாட்டை ஏற்றினேன். மெட்டு இழுத்த இடத்திலெல்லாம் எண் உடைந்தது. இரண்டு வாரம் கழித்து மெட்டை எல்லாரும் அழகாக முணுமுணுத்தார்கள், எண் யாருக்கும் வரவில்லை. அதிலிருந்து ராகம் வைப்பதில்லை, பேச்சுக் குரலில் தட்டு மட்டும்தான்.

இப்படிக் கட்டியதில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபமும் கிடைத்தது. நான்காம் தட்டை மட்டும் கேட்டுக்கொண்டே வந்தால் ஏழு, நாலு, ஒண்ணு, எட்டு, அஞ்சு, ரெண்டு, ஒம்பது, ஆறு, மூணு என்று ஒன்பது இலக்கமும் ஒவ்வொரு முறைதான் வரும், கடைசியில் பூஜ்யம். ஒரு இலக்கம் இரண்டாம் முறை காதில் விழுந்தால் யாரோ வழுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

மூன்றாம் படி: வழுக்கும் இடத்துக்கு மட்டும் கொக்கி

எல்லா வரிக்கும் எதுகை தேடி அலைய வேண்டாம். ஏழாம் வாய்ப்பாட்டில் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஆறேழும் ஏழேழும் இரண்டுமே 'நாப்பத்' என்று தொடங்குவதால் 42, 49 இடம் மாறும். எட்டேழு யாருக்கும் சட்டென்று வராது. அந்த இரண்டு இடத்திலும் ஆளுக்கொரு வரி சேர்த்தேன். ஏழேழுக்குப் பிறகு:

நாப்பது | மாறலே | ஒம்பது | வந்தாச்சு

எட்டேழுக்குப் பிறகு:

அஞ்சு | ஆறு | ஏழு | எட்டு

இரண்டாவதைப் பாருங்கள். 56 என்பது ஏழும் எட்டும் பெருக்கியது. 5, 6, 7, 8 வரிசையாகவே நிற்கின்றன. பிள்ளைகள் இதை ஒரு முறை கண்டுகொண்டால் அந்த வரியை மட்டும் கத்திச் சொல்வார்கள், காது கிழியும். கொக்கி வரிக்கும் அதே நான்கு தட்டுதான் இருக்க வேண்டும். ஐந்தாகிவிட்டால் அடுத்த வரி தாளம் தப்பும்.

நான்காம் படி: வேகம்

கடிகாரத்தின் நொடி முள்ளுக்கு ஒரு தட்டு. பத்து வரியும் இரண்டு கொக்கியும் சேர்த்து 48 தட்டு, அதாவது 48 நொடி. முதல் வாரம் இதைத் தாண்டாதீர்கள். கோயிலில் பஜனைத் தாளம் இருந்தால் ஒரு பிள்ளையிடம் கொடுத்து அடிக்கச் சொல்லலாம். பர்மியப் பாட்டில் 'சீ' என்ற சின்னத் தாளமும் 'வா' என்ற கட்டையும் மாறி மாறி வருவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். கேள்வியின் தொடக்கத்தில் தாளம், விடையின் தொடக்கத்தில் கட்டை என்று வைத்தால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: உண்மையில் வந்ததா என்று பார்ப்பது

கூட்டமாகச் சொல்லும்போது பாதிப் பேர் கடைசி அசையை மட்டும் முழங்குவார்கள். வெளியே கேட்க அருமையாக இருக்கும். அதனால் முதலில் வரியைப் பிரியுங்கள்: கேள்வியின் இரண்டு தட்டு உங்களுக்கு, விடையின் இரண்டு தட்டு ஒரே ஒரு பிள்ளைக்கு. தாளம் நிற்கக் கூடாது. தெரியாத பிள்ளைக்கு அந்த இரண்டு தட்டும் மௌனமாகப் போகும், அவ்வளவுதான், திட்ட வேண்டாம். யாருக்கு எந்த வரி மௌனம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் காதால் படித்த வாய்ப்பாட்டுக்கே உரிய நோய் ஒன்று உண்டு. 'எட்டேழு?' என்று கேட்டால் பிள்ளை உதட்டுக்குள் ஓரேழிலிருந்து ஓடி வரும். உதட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதற்கு மருந்து, மூன்றாம் வாரத்திலிருந்து ஓரேழில் தொடங்காமல் இருப்பது. ஒரு நாள் ஐயேழில் தொடங்கிப் பத்தேழு வரை, இன்னொரு நாள் பத்தேழிலிருந்து கீழிறங்கி. கொக்கி வரிகளை இறக்கத்தில் விட்டுவிடலாம்.

இதே சட்டத்தில் ஆறாம், எட்டாம், ஒன்பதாம் வாய்ப்பாடுகள் அப்படியே உட்காரும், அவையும் உயிரெழுத்தில் தொடங்குபவை: ஈராறு, மூவெட்டு. மூணும் நாலும்தான் அடம்பிடிக்கும். மெய்யெழுத்துக்கு முன்னால் 'ஓர்', 'ஈர்' வராது. ஒருமூணு, இருமூணு, மும்மூணு என்று மாறும். நாலாம் வாய்ப்பாட்டில் முந்நாலு வரும். அங்கே முதல் தட்டில் 'ஒரு', 'இரு' என்று இரண்டு குறில் விழுவதால் கையைக் கொஞ்சம் சீக்கிரம் தட்டத் தோன்றும். கடிகாரத்தைப் பார்த்துத் தட்டுங்கள்.