ரெஃபரல் சிபாரிசாக மாறாமல் இருக்க: முதன்முறை திட்டம் போடுபவர்களுக்கு

“டீம்ல ஒரு இடம் காலி, தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டால் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கல்லூரித் தோழனும் அறைத்தோழனும்தான். கேள்வி இப்படியே இருந்தால் பதிலும் அப்படியே இருக்கும். கோவையில் 120 பேர் வேலை செய்யும் ஒரு மென்பொருள் நிறுவனத்தைக் கற்பனை செய்துகொண்டு, காலியிடத்துக்கு ஊழியர்களே ஆள் பரிந்துரைக்கும் ரெஃபரல் திட்டத்தை முதலிலிருந்து போட்டுப் பார்ப்போம்.

படி 1: கேள்வியை மாற்றுங்கள்

“முந்தைய கம்பெனியில் உங்கள் டீமுக்கு வெளியே யாருடைய வேலை உங்களைக் கவர்ந்தது?” என்று கேளுங்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த ஆட்கள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவர்களே. புது வேலைத் தகவல் அதிகம் வருவது எப்போதாவது பேசும் அறிமுகங்கள் வழியாகத்தான் என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே எழுதினார். அந்த அறிமுகங்களை நினைவுபடுத்துவதே இந்தக் கேள்வியின் வேலை.

படி 2: படிவம்

மூன்று கட்டங்கள் போதும்: இவரை எப்படித் தெரியும், இவர் செய்த எந்த வேலையை நேரில் பார்த்தீர்கள், உறவினரா? இரண்டாவது கட்டம் காலியாக இருந்தாலும் விண்ணப்பத்தை ஏற்கலாம். ஆனால் அதைப் பரிந்துரையாகக் கணக்கில் எடுக்காதீர்கள், மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்துவிடுங்கள். சாதி, சொந்த ஊர் எதையும் படிவத்தில் கேட்க வேண்டாம்.

படி 3: சுவர்

பரிந்துரைத்தவர் நேர்காணல் குழுவில் இருக்கக் கூடாது. யார் பரிந்துரைத்தது என்பது ஹெச்ஆரில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். தேர்வும் கேள்விகளும் மதிப்பெண் தாளும் எல்லோருக்கும் ஒன்றே. மேலாளரே ஆளைப் பரிந்துரைக்கும்போதுதான் சுவர் இடியும். அப்போது நேர்காணலை வேறு டீமிடம் கொடுங்கள்.

பரிந்துரைத்தவருக்குப் போனஸ், அவர் சொன்ன ஆள் வேலையில் சேர்ந்து 90 நாள் கழித்து, எல்லோருக்கும் ஒரே தொகை. ரெஸ்யூம் அனுப்பியதற்கே பணம் கொடுத்தால் குப்பைதான் குவியும்.

படி 4: கசிவைக் கண்டுபிடியுங்கள்

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காலாண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் தேறினார்கள் என்று தனித்தனியே எண்ணுங்கள். உதாரணமாக, பரிந்துரையில் வந்தவர்கள் 30, மற்றவர்கள் 90. பெயர் மறைத்த எழுத்துத் தேர்வில் 10 பேரும் 30 பேரும் தேறினார்கள். இரு பக்கமும் மூன்றில் ஒரு பங்குதான். நேர்காணலிலோ அந்த 10-ல் 7 பேர் தேற, இந்த 30-ல் 9 பேர்தான் தேறினார்கள்.

தேர்வில் இல்லாத இடைவெளி நேர்காணலில் எப்படி வந்தது? முதலில் சந்தேகிக்க வேண்டியது, யாரோ குழுவிடம் பெயரைச் சொல்லியிருப்பார்கள் என்பதை. எண்ணிக்கை சிறியதென்பதால் ஒரே காலாண்டை வைத்து யார் மீதும் பழி போடாதீர்கள். அந்த 16 பேரின் மதிப்பெண் தாள்களை எடுத்து, “கல்ச்சர் ஃபிட்”, அதாவது நம்மோடு ஒத்துப்போவார் என்ற ஒற்றை வரியால் தேறியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். அந்த வரி அடிக்கடி வந்தால் தாளிலிருந்தே அதை எடுத்துவிட்டு, அடுத்த காலாண்டில் மறுபடி எண்ணுங்கள்.