எக்செல்லில் 5 வேறு, 5% வேறு: எந்த வரிசையில் செய்கிறோம் என்பதும் முக்கியம்

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து A2, A3, A4 மூன்றிலும் 2000 என்று அடியுங்கள். B நெடுவரிசை விகிதத்துக்கு. B2-வில் வெறும் 5, B3-யில் 5% என்று அடியுங்கள். B4-ஐ இப்போதைக்குக் காலியாக விடுங்கள். அப்புறம் C2-வில் இந்த ஃபார்முலாவை எழுதி, C4 வரை கீழே இழுங்கள்.

```
=A2*B2
```

C2-வில் 10000 வரும், C3-யில் 100 வரும். 5% என்று அடித்ததும் எக்செல் அந்தச் செல்லுக்குள் 0.05 என்ற எண்ணைத்தான் வைக்கிறது. நாம் பார்க்கும் 5% அந்த எண்ணுக்கான தோற்றம் மட்டுமே. ஃபார்முலா தோற்றத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் எண்ணை எடுத்துத்தான் பெருக்கும்.

இப்போது B2-வைத் தேர்ந்தெடுத்து, Home பட்டையில் உள்ள % பொத்தானை அழுத்துங்கள். 500% என்று காட்டும். பலர் இங்கேதான் பதறுவார்கள். ஆனால் C2-வைப் பாருங்கள், அதே 10000 அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பது இன்னும் 5 தான். அதை 100 மடங்காகக் காட்டி, பக்கத்தில் ஒரு % குறி போடுவது மட்டுமே அந்தப் பொத்தானின் வேலை.

அடுத்து வரிசையை மாற்றிப் பார்க்கலாம். காலியாக இருக்கும் B4-ஐத் தேர்ந்தெடுத்து முதலில் % பொத்தானை அழுத்துங்கள், பிறகு 5 என்று அடியுங்கள். இந்த முறை 5% வரும், C4-இல் 100 வரும். சதவீத வடிவம் ஏற்கெனவே இருக்கும் செல்லில் 5 அடித்தால், நீங்கள் சொல்வது 5% தான் என்று எக்செல் எடுத்துக்கொள்கிறது. இதற்கான அமைப்பு File, Options, Advanced பகுதியில் Enable automatic percent entry என்ற பெயரில் இருக்கும். ஒருவரின் கணினியில் மட்டும் 500% வருகிறது என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

சரி, 500%-ஐப் பார்த்தவர் என்ன செய்வார்? அந்தச் செல்லிலேயே மறுபடி 5 என்று அடிப்பார். 5% என்று அழகாக மாறிவிடும். உள்ளே இருந்த 5 மட்டும் 0.05 ஆகிவிட்டது. ஃபார்முலா `=A2*B2` என்றால் நல்லதுதான், பிழை சரியாகிவிட்டது. ஆனால் ஷீட்டை முதலில் செய்தவர் வெறும் 5-ஐ மனதில் வைத்து இப்படி எழுதியிருந்தால்?

```
=A2*B2/100
```

முன்பு 100 கொடுத்த இந்த ஃபார்முலா இப்போது 1 கொடுக்கும். ஏற்கெனவே நூறால் வகுபட்ட எண்ணை இன்னொரு முறை வகுக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. விடை நூறு மடங்கு கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். என்னைக் கேட்டால் விகிதங்களை 5% என்றே வைத்துக்கொண்டு, ஃபார்முலாவில் `/100` எழுதாமல் இருப்பதே நல்லது.

தொகையோடு விகிதத்தைச் சேர்க்கும்போது இன்னொரு குழப்பம் வரும். கால்குலேட்டர் பழக்கத்தில், Number வடிவம் உள்ள ஒரு செல்லில் `=A3+B3` என்று எழுதினால் 2000.05 தான் கிடைக்கும். தசமம் காட்டாத செல்லில் அது 2000 என்றே தெரியும், எதுவுமே கூடாதது போல இருக்கும். 2100 வேண்டுமென்றால் எழுத வேண்டியது இது:

```
=A3*(1+B3)
```

விகித நெடுவரிசையில் 5-ம் 5%-ம் கலந்து கிடக்கிறதா என்று பார்க்க, அதை முழுதாகத் தேர்ந்தெடுத்து வடிவத்தை General ஆக்குங்கள். 5, 0.05 என்று உண்மையான எண்கள் வெளியே வந்துவிடும். பார்த்ததும் Ctrl+Z அடித்துப் பழைய வடிவத்துக்குத் திரும்பலாம்.

தவறான செல்கள் நிறைய இருந்தால் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டாம். ஒரு காலிச் செல்லில் 100 அடித்து, அதை நகலெடுங்கள். 5 என்று இருக்கும் செல்களை மட்டும் தேர்ந்தெடுத்து, Paste Special திறந்து, Values, Divide இரண்டையும் குறித்து OK கொடுங்கள். பிறகு % பொத்தானை அழுத்துங்கள். சரியாக இருக்கும் செல் தவறிப்போய்ச் சிக்கினால் அது 0.05% ஆகிவிடும், கவனம். "1-க்கு மேல் இருந்தால் நூறால் வகு" என்று IF போட்டுத் தப்பிக்கவும் முடியாது. அரை சதவீதத்தை யாராவது 0.5 என்று அடித்திருந்தால், அது தொடப்படாமல் 50% ஆகவே நின்றுவிடும். அந்த மாதிரிச் சிறிய விகிதங்களைக் கண்ணால் பார்த்தே திருத்த வேண்டும்.

விகிதத்தில் தசமம் இருந்தால் Increase Decimal பொத்தானையும் ஒரு முறை அழுத்திவிடுங்கள். % பொத்தான் தசமத்தைக் காட்டாது என்பதால் 0.054 என்ற எண் 5% என்றே தெரியும், 2000-உடன் பெருக்கினால் 108 வரும். யாராவது கையால் கணக்குப் போட்டுப் பார்த்து, 100 தானே வரணும் என்று கேட்பார்கள்.