எட்டு ஆத்தங்குடிக் கல்லும் ஒரு தவறான 1.96-ம்

20 மி.மீ. தடிமன் கேட்டு வாங்கிய ஆத்தங்குடி டைல்ஸ். எட்டை எடுத்து வெர்னியரில் அளந்தேன்: 19.1, 20.0, 18.6, 19.7, 20.4, 19.3, 18.8, 20.1. சராசரி 19.5. முதலில் எக்செலில் `STDEV.P`-யும் 1.96 என்ற பெருக்கெண்ணும் வைத்துப் போட்ட கணக்கில் 95% நம்பிக்கை இடைவெளி 19.08 முதல் 19.92 வரை வந்தது. 20 வெளியே நின்றதால், லோடே மெலிசு என்று முடிவுகட்டிவிட்டேன்.

தவறு இரண்டு இடத்தில். `STDEV.P` எட்டால் வகுக்கும். மாதிரிக்கு ஏழால் வகுக்கும் `STDEV.S` வேண்டும். திட்ட விலக்கம் 0.61 அல்ல, 0.65. அடுத்தது 1.96. அது மொத்த லோடின் மாறுபாடு முன்பே தெரிந்தால்தான் பொருந்தும். இங்கே அதையும் இதே எட்டுக் கல்லிலிருந்துதான் ஊகிக்கிறோம். அந்த ஊகமே ஆடும். அதற்கு ஈடாகத்தான் t பரவல் அகலமாக இருக்கிறது.

```
=T.INV.2T(0.05, 7)
=CONFIDENCE.T(0.05, 0.65, 8)
```

முதலாவது 1.96-க்குப் பதிலான பெருக்கெண், 2.365. இரண்டாவது சராசரிக்கு இருபுறமும் விட வேண்டிய அளவு, 0.54. இடைவெளி 18.96 முதல் 20.04 வரை. 20 உள்ளே வந்துவிட்டது. சராசரி 20 என்று இது நிரூபிக்கவில்லை. மெலிசு என்று சொல்ல இந்த எட்டு போதாது, அவ்வளவுதான்.

"95% கற்கள் இதற்குள் இருக்கும்" என்றும் படிக்கக் கூடாது. அளந்த எட்டிலேயே 18.6, 18.8, 20.1, 20.4 நான்கும் வெளியே! இடைவெளி சராசரிக்கு உரியது. இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால், நூற்றுக்குச் சுமார் 95 இடைவெளிகள் உண்மைச் சராசரியைப் பிடிக்கும் என்பதே பொருள்.

கற்களை ஒரே அடுக்கிலிருந்து உருவாதீர்கள். கையால் வார்ப்பது, ஒருவர் ஒரே நாளில் வார்த்தவை ஒன்றுபோல இருக்கும், இடைவெளி பொய்யாகச் சுருங்கும். எந்தச் சூத்திரமும் அதைச் சரிசெய்யாது.