திருமண, திருவிழா இரைச்சலுக்கு எந்த இயர்பிளக்?

பாட்டும் கேட்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் பேசவும் வேண்டும் என்றால், சாதாரண நுரை இயர்பிளக்கை விட்டுவிட்டு, இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் ஃபில்டர் வைத்த இயர்பிளக்கை வாங்குங்கள்.

நுரை எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. கீச்சு ஒலிகளை அதிகமாக விழுங்கிவிடும். பேச்சில் ச, ஸ, த போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவதே அந்த ஒலிகள்தான். அதனால்தான் பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கிப்போகிறது. ஃபில்டர் வகை எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாக இறக்குவதால், வால்யூமைக் குறைத்தது போலத்தான் இருக்கும். 100 டெசிபல் இரைச்சலில் வெறுங்காதோடு 15 நிமிடம்தான் பாதுகாப்பு என்பது வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நையோஷ் அமைப்பின் கணக்கு. காதில் 15 டெசிபல் குறைந்து 85 ஆனால், அதே கணக்கில் 8 மணி நேரம் தாங்கும்.

ஆனால் சரியாகப் பொருந்தினால்தான் இந்தப் பலன். மாட்டியதும் பேசிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள் கும்மென்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் எங்கோ இடைவெளி இருக்கிறது, அளவை மாற்றுங்கள்.

ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தாலோ, வெடி வெடிக்கும் இடத்திலோ இது போதாது. அங்கே தெளிவை மறந்துவிட்டு, நுரையையே நன்றாக உருட்டி ஆழமாக வையுங்கள்.