கடைசித் திரையிடலுக்குப் பின் ஒரு நன்றிக் கடிதம்

ஆவணப்படத்தின் கடைசித் திரையிடல் முடிந்ததும் ஒரே நன்றிக் கடிதத்தை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். படத்தொகுப்பில் வெட்டுப்பட்டவர்களுக்கு முதலில் எழுதுங்கள். சிங்கப்பூரின் தேக்காவில் பூக்கட்டும் அக்கா ஒருவர் எனக்காக இரண்டு மணி நேரம் பேசினார். படத்தில் வந்தது 40 விநாடி. அவருக்கு இப்படி எழுதினேன்: “அக்கா, அப்பாவின் கடையைப் பற்றி நீங்கள் சொன்னது படத்தின் நீளத்துக்குள் அடங்கவில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் படத்தின் தொடக்கத்தையே மாற்றினேன்.” முழுப் பேட்டியையும் தம்ப் டிரைவில் போட்டு, இரவல் வாங்கிய குடும்பப் புகைப்படங்களோடு நேரில் கொடுத்தேன்.

அப்புறம், படம் இனி விழாக்களுக்குப் போகும் என்றால் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். இணையத்தில் ஏற்கெனவே வெளியான படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. படத்தின் பிரதி கிடைத்த சந்தோஷத்தில் யாராவது யூடியூபில் ஏற்றிவிடக்கூடும்.