216 ரிங்கிட் கணக்கு: சிக் போ, கிராப்ஸ் பகடையாட்டங்களில் எந்தப் பந்தயம் எவ்வளவு தின்கிறது?

செந்தூலில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் என்னிடம் தம் கைப்பேசியை நீட்டினார். இணையத்தில் சிக் போ ஆடிக்கொண்டிருந்தார். ஐம்பது சுற்றுகளாக மூன்று பகடைகளிலும் ஒரே எண் விழவில்லை என்றும், ஆகவே அடுத்த சில சுற்றுகளுக்குள் விழுந்தே தீரும் என்றும் சொல்லி, ஒவ்வொரு சுற்றிலும் அதன்மேலேயே 2 ரிங்கிட் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும்.

சட்ட நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் உரிமம் பெற்ற காசினோ கெந்திங் மலையில் மட்டுமே இருக்கிறது. அங்கே முஸ்லிம்களுக்கும் 21 வயது நிரம்பாதவர்களுக்கும் அனுமதியில்லை. உரிமமில்லாத இடத்தில் சூதாடுவது 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டப்படி குற்றம். நமக்கு வந்து குவியும் இணையக் காசினோ விளம்பரங்களுக்குப் பின்னால் அப்படிப்பட்ட உரிமம் எதுவும் இல்லை. கீழே உள்ள கணக்கைப் போட்டுப் பார்க்கப் பணமும் தேவையில்லை. தாளும் மூன்று பகடைகளும் போதும்.

முதற்படி, 216 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. சிவப்பு, பச்சை, வெள்ளை என மூன்று நிறப் பகடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு முகங்கள்; ஆகவே மூன்றும் சேர்ந்து விழக்கூடிய விதங்கள் 6 × 6 × 6 = 216. நிறம் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கூட்டுத்தொகை 4 வர வேண்டுமானால் இரண்டு 1, ஒரு 2 விழ வேண்டும். அந்த 2 சிவப்பிலும் வரலாம், பச்சையிலும் வரலாம், வெள்ளையிலும் வரலாம். ஆகவே அது ஒரு விதம் அன்று, மூன்று விதங்கள். தொடக்கத்தில் கணக்குத் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இரண்டாம் படியில், 216 சுற்றுகளும் நடந்து, ஒவ்வொரு விதமும் சரியாக ஒருமுறை விழுந்ததாகவும், நீங்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பந்தயத்தில் 1 ரிங்கிட் வைத்ததாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். வென்ற சுற்றுகளில் கிடைத்த தொகையிலிருந்து தோற்ற சுற்றுகளில் போன தொகையைக் கழித்தால், அந்தப் பந்தயத்தின் விலை தெரிந்துவிடும்.

மலேசியாவில் 'தாய் சாய்' என்றும் அழைக்கப்படும் இந்த ஆட்டத்தின் அடிப்படைப் பந்தயமான 'பெரியது, சிறியது' என்பதை எடுத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 4 முதல் 10 வரை இருந்தால் சிறியது, 11 முதல் 17 வரை இருந்தால் பெரியது. ஆனால் மூன்றும் ஒரே எண்ணாக விழுந்தால் இரண்டுமே தோற்கும். 216 விதங்களில் சரிபாதியான 108 விதங்களில் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்குக் குறைவு. அவற்றில் மூன்று 1, மூன்று 2, மூன்று 3 ஆகிய மூன்றையும் நீக்கினால் 105. வென்றால் ஒன்றுக்கு ஒன்று. ஆக 105 ரிங்கிட் வருகிறது, 111 ரிங்கிட் போகிறது. 216க்கு 6 ரிங்கிட் இழப்பு என்பது 2.78 விழுக்காடு. சிக் போ பலகையில் இதைவிடப் பெரிதும் மலிவான பந்தயத்தைப் பொதுவாகக் காண முடியாது.

இப்போது நண்பரின் பந்தயத்துக்கு வருவோம். எந்த எண்ணாயினும் மூன்றும் ஒன்றாக விழுவதற்கு ஆறு விதங்களே உள்ளன. அவர் ஆடிய தளத்தின் கொடுப்புப் பட்டியலில் இதற்கு 24:1 என்று இருந்தது. 6 × 24 = 144 வருகிறது; 210 போகிறது. 216க்கு 66 ரிங்கிட் இழப்பு, அதாவது 30.56 விழுக்காடு. இதே பந்தயத்துக்குச் சில பலகைகள் 30:1 கொடுக்கின்றன. அப்போது 180 வருகிறது, 210 போகிறது, இழப்பு 13.89 விழுக்காடாகக் குறைகிறது. அதுவும் மலிவன்று. ஆனால் பலகை, பகடை, ஓசை, ஒளி எல்லாம் ஒன்றாகவே தோன்றும் இரண்டு தளங்களுக்கிடையில் விலை இரண்டு மடங்குக்கும் மேல் மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். திரையின் மூலையில் உள்ள சிறு குறியை அழுத்தினால்தான் பட்டியல் விரியும். நண்பர் அதை ஒருமுறைகூட விரித்துப் பார்த்ததில்லை.

அந்த ஐம்பது சுற்றுப் பேச்சுக்கும் விடை இதிலேயே இருக்கிறது. மூன்றும் ஒன்றாக விழுவது சராசரியாக 36 சுற்றுக்கு ஒருமுறை. இருந்தும், தொடர்ந்து 36 சுற்றுகளில் ஒன்றுகூட விழாமல் போக 100க்கு ஏறத்தாழ 36 வாய்ப்பு உண்டு. பழைய முடிவுகளைத் திரையில் வரிசையாகக் காட்டுவது, அடுத்த முடிவுக்கும் அவற்றுக்கும் தொடர்பு இருப்பதுபோன்ற மயக்கத்தைத் தருகிறது. ஐம்பத்தோராவது சுற்றிலும் வாய்ப்பு அதே 36இல் ஒன்றுதான்.

விழுக்காட்டை ரிங்கிட்டாக மாற்றுவது மூன்றாம் படி. மேசையில் பகடை குலுக்கி, பணம் பட்டுவாடா செய்து முடிக்க நேரம் பிடிக்கும். பொத்தானை அழுத்தினால் உருளும் பகடைக்கு அது இல்லை. ஓர் இரவில் 200 சுற்று, சுற்றுக்கு 2 ரிங்கிட் என்றால் மொத்தப் பந்தயம் 400 ரிங்கிட். 'சிறியது' என்பதிலேயே வைத்திருந்தால் சராசரி இழப்பு ஏறத்தாழ 11 ரிங்கிட். நண்பரின் பந்தயத்தில் ஏறத்தாழ 122 ரிங்கிட். ஓரிரவில் இதைவிடக் கூடவோ குறையவோ ஆகலாம். ஆடும் இரவுகள் பெருகப் பெருக, இழப்பின் விகிதம் இதை நெருங்கும்.

கிராப்ஸுக்கும் இதே முறைதான். இரண்டு பகடைகள் என்பதால் 36 விதங்கள். அதன் 'பாஸ் லைன்' பந்தயத்தில் முதல் வீச்சிலேயே 7 அல்லது 11 வந்தால் வெற்றி, 2, 3, 12 வந்தால் தோல்வி. வேறு எண் வந்தால் அது இலக்காகிறது; 7 வருவதற்கு முன் அந்த இலக்கு மீண்டும் வர வேண்டும். எல்லாப் பாதைகளையும் கூட்டினால் 495க்கு 244 வெற்றி, 251 தோல்வி; இழப்பு 1.41 விழுக்காடு, அதாவது சிக் போவின் மலிவான பந்தயத்தில் பாதி.

இலக்கு அமைந்தபின் அதற்குப் பின்னால் வைக்கும் 'ஆட்ஸ்' என்னும் துணைப் பந்தயம் ஒரு விந்தை. இலக்கு 4 என்று கொள்வோம். 4 விழ மூன்று விதங்கள், 7 விழ ஆறு விதங்கள். கொடுப்பது ஒன்றுக்கு இரண்டு. 3 × 2 = 6 வருகிறது, 6 போகிறது, இழப்பு சுழி. முழுமையாக நியாயமான பந்தயம் என்று நான் அறிந்தவற்றில் இதுவும் ஒன்று. பாஸ் லைனில் பணம் வைத்தவர்க்கே இது கிடைக்கும் என்பதால், அந்த 1.41 விழுக்காட்டைத் தவிர்க்க வழியில்லை.

அதே பலகையின் நடுவில் 'எனி செவன்' இருக்கிறது. அடுத்த வீச்சில் 7 விழும் என்ற பந்தயம் அது. ஆறு விதங்களில் வெற்றி, முப்பதில் தோல்வி. ஆகவே நியாயமான கொடுப்பு 5:1. பல பலகைகளில் 4:1 என்றிருக்கும். 24 வந்து 30 போவதால் இழப்பு 16.67 விழுக்காடு. சில பலகைகளில் `5 for 1` என்று அச்சிட்டிருப்பார்கள். `5 to 1` என்றால் வைத்த 1 ரிங்கிட் திரும்பி வருவதோடு மேலும் 5 கிடைக்கும். `for` என்றால் வைத்ததையும் சேர்த்தே 5. இரண்டாவது, வேறு உடை போட்டுக்கொண்ட அதே 4:1தான். சிக் போ பட்டியலிலும் 24, 30 போன்ற எண்கள் எந்த வகை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். வைத்த பணத்தையும் சேர்த்துக் காட்டும் பட்டியலாயின், கணக்கைத் தொடங்குமுன் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் ஒன்றைக் கழித்துவிட வேண்டும்.